12 மாதம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்: ஒரு என்.டி.ஏ. அனுபவம்

ஈரோட்டு டிசைனர்:
மொபைல் ஆப்களுக்குத் திரை வடிவமைப்பது என் வேலை. 2022 மார்ச் 15 அன்று, மருந்து டெலிவரி ஆப் ஒன்றுக்காக 4 பக்க என்.டி.ஏ.வில், அதாவது ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்டேன். முதல் பக்கத்தில் 'இந்த ஒப்பந்தம் 12 மாதங்கள் அமலில் இருக்கும்' என்று இருந்தது. அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன்.

2023 மே மாதம் என் போர்ட்ஃபோலியோவில் 6 திரைகளைப் போட்டேன். நான்கு ஏற்கெனவே ப்ளே ஸ்டோரில் எல்லோரும் பார்ப்பவை. மீதி இரண்டும் மருந்துக்கடைக்காரர் பார்க்கும் விற்பனைப் பக்கம். அது கடைசிவரை வெளிவரவே இல்லை. இரண்டே நாளில் 'உடனே நீக்கவும்' என்று கிளையன்டிடமிருந்து மெயில் வந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து முழுக்கப் படித்து, ஒரு தாளில் சுருக்கி எழுதினேன்.

எதற்காக: அவர்கள் தரும் தகவலை இந்த ஆப் வேலைக்கு மட்டுமே பயன்படுத்தலாம். எழுத்துமூல அனுமதி இல்லாமல் வேறு யாருக்கும் காட்டக்கூடாது.

எவ்வளவு காலம்: 12 மாதம் என்பது தகவல் பரிமாறிக்கொள்ளும் காலம். ரகசியம் காக்கும் காலம் வேறு. அது மூன்றாம் பக்கத்தில், 8ஆம் பிரிவில் ஒளிந்திருந்தது: ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து 3 வருஷம். அதாவது 2026 மார்ச் 14 வரை. வாடிக்கையாளர் பட்டியலுக்கு முடிவு தேதியே இல்லை.

எது ரகசியம்: எழுத்திலோ பேச்சிலோ அவர்கள் சொன்னது எல்லாம். அவர்களுக்காக நான் உருவாக்கியதும் சேர்த்தி. பொதுவெளியில் இருப்பது, எனக்கு முன்பே தெரிந்தது, வேறொருவர் முறையாகச் சொன்னது ஆகியவை மட்டும் சேராது.

ஆக, நான்கு திரைகள் தப்பின, இரண்டு மாட்டின. இரண்டையும் நீக்கிவிட்டுப் பதில் போட்டேன். அதோடு விட்டுவிட்டார்கள்.

சென்னை ஜாவாக்காரன்:
எதற்கு நீக்கினீங்க? ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவுப்படி இந்த மாதிரி நிபந்தனையெல்லாம் இந்தியாவில் செல்லாது. எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

ஒப்பந்தம் படிப்பவள்:
பாதி சரி. 27ஆம் பிரிவு தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தத்தைப் பற்றியது. 'வேலை முடிந்த பிறகும் 2 வருஷம் வேறு மருந்து ஆப்புக்கு வேலை செய்யக்கூடாது' என்று எழுதியிருந்தால் அது பொதுவாக நிற்காது. 'நாங்கள் சொன்னதை வெளியே சொல்லாதே' என்பது அப்படியல்ல. அது பொதுவாக நிற்கும்.

டிசைனர், உங்கள் சுருக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் நான்கு திரைகள் 'தப்பின' என்பதில் அவசரப்படாதீங்க. ரகசியம் இல்லை என்பதால் காட்டும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. பதிப்புரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தீர்களா என்று வேலை ஒப்பந்தத்தைப் பாருங்கள். அது தனிக் காகிதம், தனிக் கேள்வி.

காலத்தைக் கணக்கிடும்போது எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பதும் முக்கியம். உங்களுடையது ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து. சிலவற்றில் ஒவ்வொரு தகவலும் கொடுத்த நாளிலிருந்து என்று இருக்கும். அப்படியானால் முதல் மாதம் தந்ததற்கு ஒரு முடிவு, கடைசி மாதம் தந்ததற்கு வேறு முடிவு. 'முன்பே தெரிந்தது' என்று சொன்னால் நிரூபிக்க வேண்டியதும் பெரும்பாலும் நீங்கள்தான். பழைய கோப்புகளைத் தேதியோடு வைத்திருங்கள்.

மொழிபெயர்ப்பு மதுரை:
எனக்கு ஒரு கிளையன்ட் 18,000 ரூபாய் பாக்கி. என்.டி.ஏ. போட்டிருக்கிறேன், கேஸ் போட முடியாதா? வக்கீலிடம் கோப்பைக் காட்டினாலே மீறலாகிவிடும் என்று மிரட்டுகிறார்கள்.

ஒப்பந்தம் படிப்பவள்:
இங்கே பேசுவது வேறு விஷயம், இருந்தாலும் சொல்கிறேன். பாக்கிப் பணத்தைக் கேட்பதை என்.டி.ஏ. தடுக்காது. சட்ட ஆலோசகருக்குக் காட்டலாம் என்ற வரி பல என்.டி.ஏ.க்களில் இருக்கும், தேடிப் பாருங்கள். இல்லாவிட்டாலும் வேலை ஆர்டர், இன்வாய்ஸ், மெயில் போதும். மொழிபெயர்த்த கோப்பை முதல் நாளே காட்ட வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பு மதுரை:
இன்வாய்ஸ் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினேன். அதுவும் பழைய போனில்.

ஈரோட்டு டிசைனர்:
வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், பதிப்புரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. 12 ஐகான்களை மட்டும் நண்பன் ஒருவனிடம் கொடுத்துப் போட்டுக்கொண்டேன். அவனுக்கு மொத்த கோப்பையும் டிரைவில் பகிர்ந்தேன், யாரிடமும் கேட்கவில்லை. இப்போதே கிளையன்டிடம் சொல்லிவிடலாமா?

சென்னை ஜாவாக்காரன்:
வாயைத் திறக்காதீங்க.

ஒப்பந்தம் படிப்பவள்:
முதலில் அந்த டிரைவ் பகிர்வை எடுங்கள். நண்பரிடம் இருக்கும் நகலையும் அழிக்கச் சொல்லி, அழித்துவிட்டதாக ஒரு மெயில் வாங்குங்கள். மீறலைத் தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் காகிதத்தில் பிரிவு இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

ஈரோட்டு டிசைனர்:
நான்காம் பக்கத்தில் ஏதோ இருக்கிறது. ஸ்கேன் மங்கல். ஒரிஜினல் ஊரில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துவிட்டு எழுதுகிறேன்.