புதுப்பிப்பு: கார் சப்வூஃபர் கரகரப்பு தீர்ந்தது

என் பழைய கேள்வி: "சீட்டுக்கு அடியில் பவர்டு சப்வூஃபர், கதவு ஸ்பீக்கர்களுக்கு நாலு சேனல் ஆம்ப். வால்யூமைக் கூட்டினால் பேஸ் கரகரக்கிறது. ஏன்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பேட்டரி ஒயரை மாற்றச் சொன்னவர் பாதி சரி. தடிமனான ஒயர் போட்டதும் பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குவது நின்றது, கரகரப்பு போகவில்லை.

தீர்வு தந்தவர் கார் ஆடியோ வேலை செய்யும் அண்ணன். அவர் சொன்னபடி ஈக்வலைசரைச் சமமாக்கி, பேஸ் பூஸ்ட்டை அணைத்து, ஸ்டீரியோ வால்யூமை முக்கால் அளவில் வைத்தேன். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, 1000 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்தேன். சேனலுக்கு 50 வாட், 4 ஓம் என்றால் √(50×4), சுமார் 14 வோல்ட். மீட்டர் காட்டியதோ 19! ஆம்ப் தன் அளவைத் தாண்டி ஓடியதால்தான் கரகரப்பு. ஆம்பில் சிக்னலைப் பெருக்கும் அளவான கெயினை, மீட்டர் 14 காட்டும்வரை இறக்கினேன். பிறகு கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை மட்டும் விடும் ஹை பாஸ், சப்புக்கு 80க்குக் கீழுள்ளதை மட்டும் விடும் லோ பாஸ் வைத்தேன். சின்ன ஸ்பீக்கர்கள் ஆழமான பேஸைச் சுமக்காததால் குரல்கூடத் தெளிந்துவிட்டது.

சப்புக்குள்ளேயே ஆம்ப் இருப்பதால் மீட்டர் வைக்க வழியில்லை. காதால்தான்: 50 ஹெர்ட்ஸ் டோனில் ஒலி முரடாகும் இடம்வரை கூட்டி, கொஞ்சம் குறைத்தேன்.

எதிர்பாராதது, இன்ஜினோடு ஏறி இறங்கிய கீச்சொலி. ஹோம் தியேட்டர் இரைச்சலைப் பற்றி எழுதியவரின் கிரவுண்ட் யோசனை இதற்கு உதவியது. கார் பாடியின் உலோகம் தெரியும்வரை பெயின்ட்டைச் சுரண்டி, இரண்டு ஆம்புக்கும் ஒரே இடத்தில் கிரவுண்ட் கொடுத்ததும் நின்றது.

இடது கதவு மட்டும் சில பாட்டுகளில் இன்னும் அதிர்கிறது.