ஃபேக்டரி ஹெட் பதவிக்கு வந்த ரெஸ்யூம்: உற்பத்தி, டவுன்டைம், ஆள்பலம், செலவு எண்களை எப்படிப் படிப்பது?

தேன்மொழி_ஓசூர்

வணக்கம். ஓசூரில் அலுமினிய பிரஷர் டை காஸ்டிங் கம்பெனி ஒன்றில் ஹெச்.ஆர். பார்க்கிறேன். ஃபேக்டரி ஹெட் தேடிக்கொண்டிருக்கிறோம். எங்களிடம் 16 மெஷின், மூன்று ஷிஃப்ட், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து 480 பேர். விளம்பரத்தில் கேட்டிருப்பது: மாத உற்பத்தித் திட்டத்தை எட்ட வேண்டும், மெஷின் நிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும், மொத்த ஆட்களுக்கும் பொறுப்பேற்க வேண்டும், கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று கன்வர்ஷன் காஸ்டுக்கு எம்.டி.யிடம் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்.

இதே தொழிலில் ஆபரேஷன்ஸ் மேனேஜராக இருப்பவரிடமிருந்து ஒரு ரெஸ்யூம் வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் இருப்பது:

- மாத உற்பத்தியை 420 டன்னிலிருந்து 610 டன்னாக உயர்த்தினேன் (2021–2024)
- டவுன்டைமை 14 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தேன்
- 650 பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன்
- ஆண்டுக்கு 3.2 கோடி ரூபாய் செலவு மிச்சம்

இரண்டாம் பக்கத்தில் வேலை வரலாறு. சேரும்போது 14 மெஷின் இருந்ததாகவும், ஆறு புதிய மெஷின்களை நிறுவி ஓட வைத்ததாகவும் எழுதியிருக்கிறார். பிளான்ட் ஹெட்டுக்கு ரிப்போர்ட் செய்கிறார்.

எல்லா எண்ணும் எங்கள் அளவைவிடப் பெரிது. எம்.டி. உடனே நேரில் கூப்பிடச் சொல்கிறார். நான் ஷாப் ஃப்ளோரில் வேலை பார்த்தவள் இல்லை. போனில் பேசும்போது என்ன கேட்டால் விஷயம் வெளியே வரும்?

சிவா_மெயின்டனன்ஸ்

மேடம், டை காஸ்டிங்கில் டவுன்டைம் 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் அந்த ரெஸ்யூமை அப்படியே ஓரமாக வைத்துவிடலாம். எங்கள் மெஷினில் டையை மாற்றி, சூடேற்றி, முதல் நல்ல பீஸ் கையில் வருவதற்கே மூன்று மணி நேரம் ஓடிவிடும். அது போக பிளஞ்சர் டிப் மாற்றணும், டையில் ஒட்டிக்கொண்டால் பாலிஷ் போடணும், ஹைட்ராலிக் லீக் வேறு. பதினைந்துக்குக் கீழே வந்தாலே நாங்கள் லட்டு வாங்குவோம். இவர் கதை விடுகிறார்.

பழைய_காஸ்டிங்_ஆள்

சிவா சொல்வதில் பாதி சரி. டை மாற்றும் நேரத்தையும் சேர்த்து 5 என்றால் நானும் நம்பமாட்டேன். ஆனால் பல ஆலைகளில் டவுன்டைம் என்றால் பிரேக்டவுன் மட்டும்தான். டை மாற்றுவது "திட்டமிட்ட நிறுத்தம்" என்று தனிக் கணக்கில் போகும், ஆர்டர் இல்லாமல் நின்றால் இன்னொரு கணக்கு. அப்படிப் பார்த்தால் 5 வரக்கூடிய எண்தான். அதனால் பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த 14-ம் 5-ம் ஒரே அளவுகோலில் எடுத்தவையா என்பதுதான் கேள்வி. நடுவில் புது சாஃப்ட்வேர் வந்து, டை மாற்றும் நேரம் வேறு தலைப்புக்குப் போயிருந்தால், ஷாப் ஃப்ளோரில் ஒன்றும் மாறாமலேயே எண் இறங்கியிருக்கும்.

மேடம், நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டாம் பக்கத்தில்தான் சரக்கு இருக்கிறது. 14 மெஷினில் 420 டன் என்றால் மெஷினுக்கு 30 டன். ஆறு சேர்ந்து 20 மெஷினில் 610 டன் என்றால் மெஷினுக்கு 30.5 டன். அதாவது உயர்ந்த 190 டன்னில் 180 டன் புது மெஷின்களால் வந்தது. மெஷின் வாங்கி, ஓட வைத்து, ஆள் பழக்கி, கஸ்டமரிடம் அப்ரூவல் வாங்குவது சின்ன வேலை இல்லை, அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது முதலீடு கொடுத்த உற்பத்தி. உங்களிடம் புது மெஷின் வாங்கும் திட்டம் இருக்கிறதா, இல்லை இருக்கிற 16-லேயே கூடுதலாக எடுக்கணுமா? இரண்டாவது என்றால் இந்த வரி உங்களுக்குப் பெரிதாக உதவாது.

இப்போது இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் பாருங்கள். டவுன்டைம் 14 என்றால் மெஷின் 86 சதவீத நேரம் ஓடியது. 5 என்றால் 95 சதவீதம். மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் மெஷினுக்கு 30 டன் என்பது 33 டன்னுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். வந்தது 30.5. இருபது மெஷினுக்கும் சேர்த்தால் மாதம் 50 டன் காணோம்.

இதனாலேயே ஆள் தப்பானவர் என்று சொல்ல முடியாது. பீஸ் எடை குறைந்திருக்கலாம். கனமான ஹவுசிங் ஓடிய மெஷினில் சின்ன பிராக்கெட் ஓடினால், ஷாட் எண்ணிக்கை ஏறினாலும் டன் ஏறாது. ஆர்டர் குறைந்து சில மெஷின் சும்மா நின்றிருக்கலாம். புது மெஷின்கள் முழு வேகத்துக்கு வராமல் இருந்திருக்கலாம். இல்லையென்றால் நான் மேலே சொன்ன அளவுகோல் விவகாரம். "மெஷின் நிற்பது குறைந்தபோது மெஷினுக்கான டன் ஏன் ஏறவில்லை?" என்று நேராகக் கேளுங்கள். ஆலையை உண்மையில் நடத்தியவர் யோசிக்காமல் காரணம் சொல்வார், கூடவே நான்கு பார்ட் பெயரும் சொல்வார். ஸ்லைடு மட்டும் போட்டவர் "மார்க்கெட் கண்டிஷன்" என்பார்.

இன்னொன்று. 2021-ல் எந்த மாதம் அந்த 420? அந்த வருடம் மே மாதம் ஊரடங்கு. அந்த மாதங்களைச் சேர்த்து சராசரி எடுத்திருந்தால் ஆரம்ப எண்ணே தாழ்ந்திருக்கும்.

முருகேஷ்_ராணிப்பேட்டை

நல்ல இழை. எனக்கும் இதே பிரச்சினைதான். ஷூ அப்பர் யூனிட்டில் ஷிஃப்ட் இன்சார்ஜ் நான். நேரடியாக எனக்குக் கீழே எட்டு சூப்பர்வைசர், லைனில் 300 பேர். கன்சல்டன்ட் "300 பேர் குழு" என்று போடச் சொல்கிறார். போடலாமா? டவுன்டைமும் போடணுமா? எங்களுக்கு தையல் மெஷின்தான்.

பழைய_காஸ்டிங்_ஆள்

தம்பி, இங்கே கேள்வி ரெஸ்யூம் எழுதுவது பற்றி இல்லை, படிப்பது பற்றி. ஆனாலும் நீங்கள் சொன்னது மேடத்துக்கு உதவும். அந்த 650-ம் இப்படித்தான் வந்திருக்கும். "எட்டு சூப்பர்வைசர் மூலமாக ஒரு ஷிஃப்டில் 300 பேர்" என்று நீங்கள் எழுதுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

மேடம், 650-ஐ உடைத்துக் கேளுங்கள். நிரந்தரம் எத்தனை, காண்ட்ராக்ட் எத்தனை, அப்ரண்டிஸ் எத்தனை? குவாலிட்டி, ஸ்டோர்ஸ், ஹெச்.ஆர். இவருக்குக் கீழா, பிளான்ட் ஹெட்டுக்குக் கீழா? பிளான்ட் ஹெட் மேலே இருக்கும்போது 650 என்பது பெரும்பாலும் கேட்டுக்குள் நுழைகிற மொத்தத் தலைகள். ஆள்பலப் பொறுப்பு கையெழுத்தில்தான் தெரியும். ஓவர்டைமை யார் ஒப்புக்கொண்டார், சஸ்பென்ஷன் ஆர்டர் யார் பெயரில் போனது, கடைசி சம்பள ஒப்பந்தத்தில் யூனியனுக்கு எதிரே யார் உட்கார்ந்தார்? தொழிற்சாலைச் சட்டப்படி "மேலாளர்" என்று அரசுக்குக் கொடுத்த பெயர் யாருடையது என்றும் கேட்கலாம். சில இடங்களில் அது வெறும் காகிதத்துக்காகப் போட்ட பெயர், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

காஸ்டிங்_கணக்கு

(காஸ்டிங் என்றால் நான் செலவுக் கணக்கு. உலை பக்கம் போனதில்லை.)

3.2 கோடியை மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. கிலோவுக்கு மாற்றுங்கள். மாதம் 610 டன் என்றால் வருடத்துக்கு 7,320 டன், அதாவது 73.2 லட்சம் கிலோ. 3.2 கோடியை அதால் வகுத்தால் கிலோவுக்கு 4 ரூபாய் 37 பைசா. இவர் சொல்வது உண்மையாக இருந்தால், விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகு அந்த ஆலையின் கன்வர்ஷன் காஸ்ட் ஏறத்தாழ அவ்வளவு இறங்கியிருக்க வேண்டும். "அப்போது கிலோவுக்கு எவ்வளவு, இப்போது எவ்வளவு?" என்று கேளுங்கள்.

பதிலைவிட பதில் வரும் விதம் முக்கியம். கெய்சன் போர்டில் எழுதிய மிச்சங்களைக் கூட்டினால் கோடிகள் சுலபமாக வரும். ஒரு ஆளைக் குறைத்தோம் என்று மிச்சம் எழுதுவார்கள், அந்த ஆள் பக்கத்து லைனில் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பார். அக்கவுண்ட்ஸ் ஒப்புக்கொண்ட தொகை எவ்வளவு என்று கேட்டால் பாதியாகலாம்.

அதோடு, செலவைக் குறைத்தவர் வேறு, செலவுக்குப் பொறுப்பானவர் வேறு. உங்கள் விளம்பரம் கேட்பது இரண்டாமவரை. மின்சாரம், கேஸ், டை பராமரிப்பு, சம்பளம், ரிஜெக்ஷன் எல்லாம் சேர்ந்த தொகை பட்ஜெட்டைத் தாண்டினால் மாத ரிவ்யூவில் எழுந்து பதில் சொன்னது யார்? அலுமினிய விலையை இதில் கலக்க விடாதீர்கள். உலோக விலை ஏறினாலும் இறங்கினாலும் பெரும்பாலும் கஸ்டமரிடம் திருத்தம் வாங்கிவிடுவார்கள், அதில் ஆலை நிர்வாகியின் கைவேலை குறைவு.

தேன்மொழி_ஓசூர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை அவரிடம் பேசினேன்.

டன் ஏன் ஏறவில்லை என்று கேட்டதும் சிரித்துவிட்டார். "இதை யாரும் கேட்டதில்லை" என்றார். 2023-ல் கனமான இரண்டு பார்ட் வேறு சப்ளையருக்குப் போய்விட்டதாம், அந்த இடத்தில் ஸ்கூட்டருக்கான சின்ன பீஸ்கள் வந்தனவாம். ஷாட் கணக்கு அனுப்புகிறேன் என்றார். டை மாற்றும் நேரம் 5-ல் இல்லை, 14-லும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். 420 என்பது 2021 அக்டோபர் கணக்காம்.

650-ல் நிரந்தரம் 190 பேர். குவாலிட்டியும் ஹெச்.ஆரும் அவருக்குக் கீழே இல்லை. சம்பள ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருக்கிறார், பேசியது பிளான்ட் ஹெட்.

செலவில்தான் திணறினார். கிலோவுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், எவ்வளவு கேஸ் என்று பழைய கணக்கும் புதுக் கணக்கும் மனப்பாடமாகச் சொன்னார். ரூபாயில் கேட்டபோது, "அந்த ஷீட் பிளான்ட் ஹெட்டிடம் இருக்கும்" என்றார்.

சிவா_மெயின்டனன்ஸ்

டை மாற்றும் நேரம் சேர்க்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டாரே. அப்போது 5 சரிதான். ஆனாலும் டை மாற்ற எவ்வளவு நேரம் எடுத்தார் என்று தனியாகக் கேளுங்கள். 16 மெஷினில் கூடுதலாக எடுப்பது அங்கேதான் இருக்கிறது.

காஸ்டிங்_கணக்கு

என் கணக்கில் இவர் நல்ல ஆபரேஷன்ஸ் ஆள், ஃபேக்டரி ஹெட் இன்னும் இல்லை. ரூபாயில் பதில் சொல்லிப் பழகாதவரை எம்.டி. முன்னால் நிறுத்தினால் முதல் காலாண்டிலேயே இரண்டு பேருக்கும் கசக்கும்.

பழைய_காஸ்டிங்_ஆள்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யூனிட்டும் கேஸும் மனப்பாடமாக இருக்கிறவருக்கு ரூபாய்க்கு மாற்ற ஒரு மாதம் போதும். ஷீட்டை மேலே இருப்பவர் பூட்டி வைத்தால் இவர் என்ன செய்வார்? எனக்கு உறுத்துவது ஹெச்.ஆரும் குவாலிட்டியும்தான். 480 பேரில் யூனியன் பக்கம் எப்படி மேடம்? அங்கே சம்பள ஒப்பந்தம் முடியும் நேரமா?

தேன்மொழி_ஓசூர்

அடுத்த மார்ச்சில் முடிகிறது சார். எம்.டி.க்கு இதைச் சொன்னேன், யோசிக்கிறார். நேர்காணல் வரும் சனிக்கிழமை. ஷாட் கணக்கு இன்னும் வரவில்லை. எங்கள் மூன்று மாத கன்வர்ஷன் காஸ்ட் ஷீட்டை, பெயர்களை மறைத்து, அவர் முன்னால் வைத்துப் படிக்கச் சொல்லலாம் என்று இருக்கிறோம். அதில் எந்த வரியில் அவர் விரல் முதலில் நிற்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

காஸ்டிங்_கணக்கு

டை பராமரிப்பு வரி. மூன்று மாதமும் ஒரே தொகையாக இருந்தால், "இது உண்மைச் செலவா, ஒதுக்கி வைத்த தொகையா?" என்று அவர் கேட்கிறாரா பாருங்கள்.