ஒரே வீடியோவுக்கு ரெண்டு தலைப்பு: எது ஜெயிச்சதுன்னு எப்படிச் சொல்றது?

பாம்பன்காரன்
யூடியூப்ல நண்டு வலை வீடியோ ஒண்ணு போட்டேன். முதல் வாரம் தலைப்பு "பாம்பன் நண்டு வலை: வலை இழுப்பதிலிருந்து ஏலம் வரை". அடுத்த வாரம் "ஒரே வலையில் இத்தனை நண்டா!"ன்னு மாத்திட்டேன். சிடிஆர், அதாவது கண்ணுல பட்டதுல எத்தனை கிளிக் ஆச்சுங்கறது, முதல் வாரம் 4 சதவீதம், ரெண்டாவது வாரம் 5.5. ஆனா வியூஸ் பாதிக்கும் கீழ போயிருச்சு. புதுத் தலைப்பு ஜெயிச்சுதா, தோத்துதா? தம்ப்நெயிலை நான் தொடவே இல்லை.

தொண்டி தம்பி
ஜெயிச்சது புதுசுதான் அண்ணே, இதுல என்ன சந்தேகம்? வீடியோ பழசாக ஆக வியூஸ் குறையத்தான் செய்யும், அதைத் தலைப்பு மேல போடக் கூடாது. நூறு பேர் கண்ணுல பட்டா எத்தனை பேர் தொடுறாங்கங்கறதுதான் தலைப்போட வேலை. அது 4லேர்ந்து 5.5 ஆகியிருக்கு. அப்படியே விட்டுருங்க.

கீழக்கரைப் பொண்ணு
வியூஸை வச்சுத் தலைப்பை எடை போடக் கூடாதுன்னு தம்பி சொன்னது சரி. ஆனா அந்த மொத்த சிடிஆரையும் அதே மாதிரி நம்ப முடியாது. அண்ணே, ஸ்டூடியோவுல அந்த வீடியோவோட அனலிட்டிக்ஸ்ல அட்வான்ஸ்டு மோட் போய், டிராஃபிக் சோர்ஸ் வாரியா ரெண்டு வாரத்துக்கும் இம்ப்ரெஷனும், அதாவது எத்தனை தடவை கண்ணுல பட்டுச்சுங்கறதும், சிடிஆரும் எடுத்துப் போடுங்க. முகப்புப் பக்கம் தனியா, தேடல் தனியா வேணும்.

பாம்பன்காரன்
எடுத்துட்டேன் அக்கா. மத்த இடத்துலேர்ந்து உதிரியா வர்றதை விட்டுட்டு, முழு எண்ணா ஆக்கிப் போடுறேன்.
முதல் வாரம்: முகப்புல 30,000 இம்ப்ரெஷன், 3 சதவீதம். தேடல்ல 10,000, 7 சதவீதம்.
ரெண்டாவது வாரம்: முகப்புல 4,000, 2.5 சதவீதம். தேடல்ல 8,000, அதே 7 சதவீதம்.

கீழக்கரைப் பொண்ணு
இப்ப பாருங்க. தேடல்ல ரெண்டு தலைப்பும் ஒண்ணுதான். முகப்புல புதுசு கொஞ்சம் கீழதான் இருக்கு. எந்த இடத்துலயும் புதுசு மேல வரலை, ஆனாலும் மொத்தம் 5.5 காட்டுது. காரணம் தலைப்பு இல்லை, கலவை. முதல் வாரம் நாலுல மூணு பங்கு முகப்புல வந்தது. அங்க மத்த வீடியோக்களோட சேர்ந்து கண்ணுல படுது, அதனால எல்லாருக்குமே சதவீதம் குறைச்சலாத்தான் இருக்கும். ரெண்டாவது வாரம் மூணுல ரெண்டு பங்கு தேடல். நண்டு வலையைத் தேடியே வந்தவங்க, அதிகமா தொடுவாங்க. முகப்பு வத்தினதும் சராசரி தானா ஏறிருச்சு. நீங்க தலைப்பை மாத்தாம விட்டிருந்தாலும் கிட்டத்தட்ட இதே ஏத்தம் வந்திருக்கும்.

தொண்டி தம்பி
அப்படி இல்லையே அக்கா, நீங்க சொல்ற கணக்குப்படியே பார்த்தா முகப்புல 3க்கு 2.5. அப்ப பழைய தலைப்புதான் ஜெயிச்சதுன்னு சொல்லிர வேண்டியதுதானே?

கீழக்கரைப் பொண்ணு
அதையும் சொல்ல முடியாது தம்பி. 4,000ல 2.5 சதவீதம்னா 100 கிளிக். நூறுங்கறது தானாவே ஆடுற எண்ணு. வர்க்கமூலம் எடுங்க, 10. அதுல ரெண்டு மடங்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் விடுங்க. அதே தலைப்பு, அதே ஆளுங்கன்னாலும் 80லேர்ந்து 120 வரைக்கும் எங்க வேணாலும் நிக்கலாம். 120னா 3 சதவீதம். பழசும் புதுசும் ஒண்ணா இருந்தாக்கூட இந்த எண்ணு வர வாய்ப்பு இருக்கு. அது போக, முதல் வாரம் வீடியோவை முதல்ல காட்டுனது அண்ணனோட சப்ஸ்கிரைபருக்கு. முகம் தெரிஞ்ச சேனல்னு தொடுவாங்க. அப்புறம்தான் தெரியாதவங்களுக்குப் போகும், அங்க சதவீதம் இறங்கும். முதல் வாரத்தையும் ரெண்டாவது வாரத்தையும் நேருக்கு நேர் வச்சா பின்னாடி வந்த தலைப்புக்கு எப்பவுமே அநியாயம்தான்.

மண்டபம் கருவாட்டுக்கடை
என் அனுபவத்துல தலைப்புக்கு இருக்கிற சக்தி வேற எதுக்கும் கிடையாது. நெத்திலிக் கருவாடு வீடியோ மாசக்கணக்கா தூங்கிட்டிருந்துச்சு. ஏப்ரல் நடுவுல தலைப்பை மாத்துனேன், ஒரே வாரத்துல எழுந்துருச்சு. ஆர்டரும் கூடுச்சு. அதனால பாம்பன் தம்பி யோசிக்காம இன்னும் ரெண்டு மூணு தலைப்பு மாத்திப் பாருங்க, ஒண்ணு பிடிச்சுக்கும்.

தனுஷ்கோடி டிரைவர்
அண்ணாச்சி, ஏப்ரல் 15ல தடைக்காலம் ஆரம்பிக்குது. ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பச்சை மீன் வரத்து குறையும், விலை ஏறும், ஜனங்க கருவாடு பக்கம் திரும்புவாங்க. நீங்க தலைப்பை மாத்தாம இருந்திருந்தாலும் அந்த வீடியோ எழுந்திருக்கலாமே? ரெண்டும் ஒரே வாரத்துல நடந்திருக்கு, எதால ஏறுச்சுன்னு எப்படிப் பிரிப்பீங்க?

மண்டபம் கருவாட்டுக்கடை
போன வருசமும் தடைக்காலம் வந்துச்சே தம்பி, அப்ப ஏறலையே. நான் நம்புறது இதைத்தான்.

கீழக்கரைப் பொண்ணு
போன வருசத்தோட ஒப்பிட்டது நல்ல யோசனை அண்ணாச்சி, அதை நான் ஒதுக்க மாட்டேன். உங்களோட வேற கருவாட்டு வீடியோ ஏதாவது, தலைப்பு மாத்தாதது, அதே வாரத்துல ஏறுச்சான்னு பாருங்க. அதுவும் ஏறியிருந்தா சீசன். இது மட்டும் ஏறியிருந்தா தலைப்பு பக்கம் கொஞ்சம் சாயலாம்.

பாம்பன்காரன்
சரி அக்கா, அப்ப நியாயமா எப்படிப் பண்றது? எனக்கு இன்னும் அந்தப் புதுத் தலைப்பு மேல ஆசை இருக்கு.

தனுஷ்கோடி டிரைவர்
கையால மாத்துற வேலையே வேணாம். தம்ப்நெயிலுக்கு இருந்த சோதனை வசதி 2025 கடைசியில தலைப்புக்கும் வந்துருச்சு. மூணு தலைப்பு வரைக்கும் கொடுக்கலாம், ஒரே நேரத்துல பார்வையாளரைப் பிரிச்சுக் காட்டும். தடைக்காலம், ஞாயித்துக்கிழமை, தீபாவளி எது வந்தாலும் எல்லாத் தலைப்புக்கும் சமமா விழும். கம்ப்யூட்டர்ல ஸ்டூடியோவுல இருக்கு, மேம்பட்ட வசதிகள் திறந்திருக்கணும்.

பாம்பன்காரன்
 என் சேனலுக்கு அந்த வசதி இன்னும் திறக்கலை.

கீழக்கரைப் பொண்ணு
அது கிடைக்கிறவங்களுக்கு அதுதான் முதல் வழி, டிரைவர் சொன்னதுல தப்பே இல்லை. ஆனா அது ஜெயிச்சவரைச் சொல்றது கிளிக்கை வச்சு இல்லை, எந்தத் தலைப்பு அதிகப் பார்வை நேரத்தைக் கொண்டுவந்ததுன்னு. அதை எனக்குப் பிடிக்கும். "இத்தனை நண்டா"ன்னு சொல்லிட்டு வலையில பாதிதான் இருந்தா, தொட்டவன் அரை நிமிசத்துல போயிருவான்.

கையால பண்றதா இருந்தா ஒரு வாரம் இது, அடுத்த வாரம் அதுன்னு வைக்காதீங்க. ஒரு நாள் இது, மறுநாள் அது. முகப்பு ஓட்டம் அடங்கின பிறகு ஆரம்பிங்க, உங்க வீடியோ இப்ப அந்த நிலையிலதான் இருக்கு. முதல் வாரம் திங்கள்ல பழைய தலைப்புன்னா, ரெண்டாவது வாரம் திங்கள்ல புதுசு. ஒவ்வொரு கிழமையும் ரெண்டு தலைப்புக்கும் ஒரு தடவை கிடைக்கணும். நம்ம பக்கம் இது ரொம்ப முக்கியம். விசைப்படகு வாரத்துல மூணு நாள், மத்த நாள் நாட்டுப்படகுன்னு முறை இருக்கில்ல? உங்க வீடியோ பார்க்குறவங்கள்ல பாதிப் பேர் கடல்காரங்க. படகு போற நாள் எல்லாம் ஒரே தலைப்பு மேல விழுந்தா, சிக்னல் இல்லாத கடலையும் சேர்த்து அந்தத் தலைப்பு சுமக்கும்.

இன்னொண்ணு, எப்ப மாத்துறதுன்னு. ராத்திரி 12 மணிக்கு மாத்தாதீங்க. யூடியூபோட நாள் கணக்கு அமெரிக்க மேற்குக் கரை நேரத்துல ஓடுது. நம்ம நேரத்துக்கு மத்தியானம் 12.30க்கு புது நாள் பிறக்கும், அங்க குளிர்காலம்னா 1.30க்கு. நீங்க ராத்திரி மாத்துனா ஒரு நாள் கணக்குல ரெண்டு தலைப்பும் கலந்துரும். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மாத்துங்க, கணக்கு சுத்தமா நிக்கும்.

தொண்டி தம்பி
நாலு நாள்லயே ஒண்ணு நல்லா முன்னாடி போனா நிறுத்திரலாம்ல?

கீழக்கரைப் பொண்ணு
கூடாது. தினம் தினம் பார்த்துட்டு, முன்னாடி தெரியுற அன்னைக்கு நிறுத்துனா, சும்மா ஆடுற எண்ணு உங்களுக்குப் பிடிச்ச பக்கம் ஆடுன நாளாத்தான் அது இருக்கும். ரெண்டு வாரம்னு முடிவு பண்ணா ரெண்டு வாரம். எதைப் பார்த்து முடிவு எடுக்கப் போறோம்ங்கறதையும் ஆரம்பிக்கும்போதே எழுதி வச்சிருங்க. முகப்பு சிடிஆர்னா முகப்பு சிடிஆர்தான்.

தனுஷ்கோடி டிரைவர்
எனக்கு இதுல முழு சம்மதம் இல்லை. நேத்து பழைய தலைப்பைப் பார்த்துட்டுத் தாண்டிப் போனவன் இன்னைக்குப் புதுத் தலைப்பையும் பார்க்குறான். நேத்து தொட்டவனை வச்சுத்தான் இன்னைக்கு யாருக்குக் காட்டணும்னு யூடியூப் முடிவு பண்ணுது. ஒரு நாளோட எச்சம் மறுநாள் தலைப்பு மேல ஒட்டிக்கிட்டே வருதே, அதை எப்படிக் கழிப்பீங்க?

கீழக்கரைப் பொண்ணு
முழுசாக் கழிக்க முடியாது, ஒத்துக்கிறேன். ஒரு நாளுக்குப் பதிலா ரெண்டு ரெண்டு நாளா வச்சு, மாத்துன நாளைத் தள்ளிட்டு மறுநாளை மட்டும் எண்ணலாம். ஆனா நாள் பாதியாகும். அண்ணனுக்கு அது கட்டாது. முகப்புல இப்ப நாளைக்கு 570 இம்ப்ரெஷன்தான் வருது. ரெண்டு வாரம் ஓட்டுனா தலைப்புக்கு 4,000. 3 சதவீதத்தையும் 3.5ஐயும் பிரிச்சுச் சொல்லணும்னா தலைப்புக்குக் கிட்டத்தட்ட 20,000 வேணும். 4,000த்துல தெரியுறது 3க்கும் 4க்கும் மேல இருக்கிற பெரிய வித்தியாசம் மட்டும்தான். அதனால இந்த வீடியோவுல சின்ன வித்தியாசத்தைத் தேடாதீங்க. அதிகமா ஓடுற வீடியோ வேற ஒண்ணு இருந்தா அதுல பண்ணுங்க.

பாம்பன்காரன்
தனுஷ்கோடி போற பழைய வீடியோ ஒண்ணு தினம் 3,000 முகப்புல வருது, அதுல பண்ணிப் பார்க்குறேன். தினம் அவ்வளவு வந்தா ரெண்டு வாரத்துல தலைப்புக்கு 20,000 சேர்ந்துரும்ல? சரி, இந்த நண்டு வீடியோவுல தேடல் 10,000லேர்ந்து 8,000 ஆச்சே, அது எதனால? புதுத் தலைப்புல "நண்டு வலை"ங்கற சொல்லே இல்லை.

தொண்டி தம்பி
அதான் காரணம்! தேடுறவன் அந்தச் சொல்லைத்தான் அடிப்பான். அப்ப இம்ப்ரெஷன் குறைஞ்சதும் தலைப்போட தோல்வியில சேரணும். சதவீதம் மட்டும் பார்த்தா அது தெரியவே தெரியாது. முதல்ல நான் சதவீதம் போதும்னு சொன்னேன், தேடலைப் பொறுத்தவரை அது போதாது.

கீழக்கரைப் பொண்ணு
இருக்கலாம் தம்பி. ஆனா ரெண்டாவது வாரம் தேடலே பொதுவாக் குறைஞ்சிருக்கவும் கூடும். தேடல்ல எந்தச் சொல்லால வந்தாங்கங்கற பட்டியல் அதே டிராஃபிக் சோர்ஸ்ல தேடலைத் தட்டினா வரும். "நண்டு வலை"யில வந்தவங்க மட்டும் குறைஞ்சு, "பாம்பன் நண்டு"ல வந்தவங்க குறையலைன்னா நீங்க சொல்றது சரி.

தனுஷ்கோடி டிரைவர்
"பாம்பன்"ங்கற சொல்லும் புதுத் தலைப்புல இல்லையே. ரெண்டும் சேர்ந்து குறைஞ்சிருந்தா அந்தப் பட்டியலும் உதவாது. தலைப்புல ரெண்டு தடவையும் இருக்கிற சொல் "நண்டு" ஒண்ணுதான், அதோட ஒப்பிட்டாத்தான் ஏதாவது தெரியும்.

பாம்பன்காரன்
பார்த்துட்டேன். "நண்டு வலை" நல்லா குறைஞ்சிருக்கு. வெறும் "நண்டு"ல வந்தவங்களும் கொஞ்சம் குறைஞ்சிருக்காங்க, ஆனா அது எண்ணிக்கையே ரொம்பக் கம்மி. பழைய தலைப்பைத் திரும்ப வச்சுட்டேன். நாளைக்கு மத்தியானம் 12.30க்கு தனுஷ்கோடி வீடியோவுல ஆரம்பிக்கிறேன்.