பூனை ஈறு வெளுத்து இருக்கு, நெத்தியில 96 காட்டுது, இது ஜுரமா இல்லையா?

தண்டையார்பேட்டை பொண்ணு: எங்க வீட்டு ஆரஞ்சு ஆண் பூனை, 3 வயசு, நேத்து காலையிலேர்ந்து சங்கரா மீன் வச்சாலும் மோந்து பாத்துட்டு போய் கட்டிலுக்கு அடியில படுத்துக்குது. கொரோனா டைம்ல வாங்கின கன் தெர்மாமீட்டர நெத்தியில வச்சு பாத்தா 96.2. அதுவும் கம்மின்னு பயமா இருக்கு. உதட்ட தூக்கி பாத்தா ஈறு வெள்ளையா தெரியுது, நடுவுல கருப்பு கருப்பா புள்ளி வேற. டாக்டர் கடை சாயங்காலம் தான் தொறப்பாங்க, அதுவரைக்கும் நானே என்ன பாக்கலாம்?

ராயபுரம் ஆளு: மூக்கு ஈரமா இருந்தா நல்லா இருக்கு, காஞ்சிருந்தா ஜுரம், அவ்ளோதான் மேட்டர். க்ரோசின் கால் மாத்திரை குடுங்க, எங்க நாய்க்கு அப்டிதான் குடுத்தோம்.

வேப்பேரி அக்கா: தம்பி அந்த கமென்ட மொதல்ல எடுத்துடுங்க. பூனைக்கு பாரசிட்டமால் விஷம், கால் மாத்திரையே உயிர எடுத்துடும், ரத்தம் கெட்டுப் போய் ஈறு காபி கலர்ல மாறிடும், நான் 12 வருஷமா கிளினிக்ல பூனை நாய பிடிச்சுக்கிற வேலை பாக்குறேன், கண்ணால பாத்திருக்கேன். மூக்கு வெயில்ல படுத்தாலே காஞ்சிடும், அதுல ஒண்ணும் தெரியாது.

தண்டையார்பேட்டை, அந்த கன் தெர்மாமீட்டர தூக்கி போடுமா. முடி மேல அடிச்சா முடியோட சூடு தான் காட்டும். 20 வினாடில பீப் அடிக்கிற சாதா டிஜிட்டல் தெர்மாமீட்டர் மெடிக்கல்ல வாங்கு, கண்ணாடி பாதரசம் வேண்டாம், துள்ளினா உடையும். இனிமே அது பூனைக்கு மட்டும் தான், ஞாபகம் வச்சுக்கோ. ஒருத்தர் டவல்ல சுத்தி பிடிக்கணும், இன்னொருத்தர் நுனியில வாசலின் தடவி வாலுக்கு கீழ மெதுவா ரெண்டு சென்டிமீட்டர் உள்ள, பீப் வர வரைக்கும். 100.4லேர்ந்து 102.5 வரைக்கும் சாதாரணம். வாய தொறந்துட்டு மூச்சு வாங்கினா இல்ல கடிக்க வந்தா இதெல்லாம் பண்ணவே வேண்டாம், அப்டியே தூக்கிட்டு போ.

ஈற ட்யூப் லைட்ல பாக்காத, வெளுப்பா தான் தெரியும். ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல பாரு. ஆரஞ்சு பூனைக்கு கருப்பு புள்ளி வர்றது சகஜம், அது நோய் இல்ல. புள்ளி இல்லாத எடத்துல விரல வச்சு லேசா அழுத்தி எடு, வெளுத்து திரும்ப ரோஸ் வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாரு, ரெண்டு வினாடிக்குள்ள வரணும். விரல் வழுக்கணும், பிசுபிசுன்னு ஒட்டினா தண்ணி வத்திருக்கு.

வண்ணாரப்பேட்ட வடை: தோள்பட்டை தோல தூக்கி விட்டா உடனே கீழ போனா தண்ணி சரியா இருக்குன்னு எங்க டாக்டர் சொன்னாரு.

வேப்பேரி அக்கா: அது பாதி தான்மா. கிழ பூனைக்கும் ஒல்லி பூனைக்கும் தண்ணி சரியா இருந்தாலும் தோல் மெதுவா தான் போகும், குண்டு பூனைக்கு வத்தியிருந்தாலும் டக்குன்னு போயிடும். ஈற சேத்து பாரு.

வியாசர்பாடி மணி: எங்களது கருப்பு பூனை, ஈறே முழுக்க கருப்பு, எங்க அழுத்துறது? 14 வயசு வேற.

வேப்பேரி அக்கா: கீழ் இமைய மெல்ல இழுத்து உள்பக்கம் பாருங்க மணி. கலர் தெரியும், ஆனா அழுத்தி பாக்குறது அங்க முடியாது.

தண்டையார்பேட்டை பொண்ணு: அக்கா பண்ணிட்டேன், என் தங்கச்சி பிடிச்சா, கையில ரெண்டு கீறல். 99.4 தான் காட்டுச்சு! ஜன்னல்ல ஈறு வெளிர் ரோஸ், அழுத்தினா மூணு வினாடி மாதிரி ஆகுது, ஒட்டுது. தெர்மாமீட்டர் நுனியில மலம் ஒட்டியிருந்துச்சு, அசிங்கமா இருக்கு.

வேப்பேரி அக்கா: அந்த 99 சரியில்ல. நுனி மலத்துக்குள்ள போய் நின்னிருக்கு, அதோட சூடு கம்மியா காட்டும். தொடச்சிட்டு அஞ்சு நிமிஷம் பூனைய விடு, திரும்ப நுனிய லேசா ஒரு பக்கமா சாய்ச்சு வை, உள்சுவத்த தொடணும்.

ராயபுரம் ஆளு: சாரி அக்கா எடுத்துட்டேன். எங்க நாய் நல்லா இருந்துச்சு, அதான்.

தண்டையார்பேட்டை பொண்ணு: 103.8!! அப்போ ஜுரம் தானே? கட்டிலுக்கு அடியில ஃபேன் காத்து கூட போகாது, அதனால ஏறுமா?

வேப்பேரி அக்கா: பிடிச்சு அமுக்கின பயத்துல கொஞ்சம் ஏறும், ஆனா சாப்பிடாம, ஈறு ஒட்டி, மூணு வினாடி, இதெல்லாம் சேந்தா பயம் மட்டும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காத, வேப்பேரி கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரிக்கு இப்பவே போ. சிரிஞ்சுல தண்ணிய வாயில திணிக்காத, படுத்திருக்க பூனைக்கு மூச்சுக்குழாய்ல போயிடும். ஆமா, மூத்திரம் போச்சா? ஆண் பூனை, தட்டுல ஒக்காந்து ஒண்ணும் வரலைன்னா அது வேற கதை, ஒரு மணி நேரம் கூட தள்ளக் கூடாது.

தண்டையார்பேட்டை பொண்ணு: காலையில போச்சு, கட்டி கட்டியா மண்ணு ஒட்டி கெடந்துச்சு. ஆட்டோல கெளம்பிட்டோம்.

தண்டையார்பேட்டை பொண்ணு: ராத்திரி அப்டேட். அங்க 103.4, நம்ம கணக்கு பரவால்ல. தோலுக்கு அடியில சலைன் ஏத்தினாங்க, தோள்ல தண்ணி பை மாதிரி தொங்குது, நாளைக்குள்ள வத்திடும்னு சொன்னாங்க. ரத்தம் எடுத்தாங்க, ரிசல்ட் நாளைக்கு தான். பூச்சியா, தொற்றா ஒண்ணும் சொல்லல. இப்போ மடியில ஏறி என் நைட்டிய நக்கிட்டு இருக்கு.

வியாசர்பாடி மணி: அக்கா இமை உள்பக்கம் மஞ்சளா தெரியுது. ட்யூப் லைட்ல தான் பாத்தேன்.

வேப்பேரி அக்கா: காலையில வெளிச்சத்துல பாத்துட்டு, காது உள்பக்கமும் பாருங்க. அங்கயும் மஞ்சள்னா சாப்பாட்டுக்கு முன்னாடியே கெளம்புங்க.