மூன்று கிழமை லீவில் இம்ப்ளான்ட்டும் கிரவுனும்: ஹட்டனில் எவ்வளவு முடியும்?

லண்டன், ஊர் ஹட்டன்
இங்கே வந்து எட்டு மாதம். ஏப்ரல் 4 ஊருக்கு வந்து 25 திரும்புகிறேன், டிக்கட் எடுத்தாச்சு. கீழ்த் தாடையில் ஒரு கடவாய்ப் பல்லைப் பிடுங்கி இரண்டு வருடம், அந்த இடத்தில் இம்ப்ளான்ட் வேண்டும். மேலே ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை முடிந்தது, கிரவுன்தான் பாக்கி. இந்த லீவிலேயே இரண்டையும் முடித்துவிடலாமா?

துபாய், ஊர் பண்டாரவளை
தாராளமாக முடியும் தம்பி. என் மச்சானுக்கு முன் பல் இடத்தில் காலையில் எலும்பில் ஸ்குரூ வைத்து, பின்னேரமே பல்லும் போட்டார்கள்.

டொரொண்டோ, ஊர் கண்டி
நான் கண்டியில் பல் லெப்பில் பத்து வருடம் கிரவுன் செய்தவன். மச்சானுக்கு நடந்தது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அது முன் பல். அன்றே போடுவது தற்காலிகப் பல், எதிர்ப் பல்லில் முட்டாதபடி குறைத்துத்தான் வைப்பார்கள். கடவாய்ப் பல்லில் முழுக் கடியும் இறங்கும். எலும்பு பிடிக்கும் முன்னே ஸ்குரூ கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தால், சுற்றி எலும்புக்குப் பதிலாக மென்மையான சதை வளர்ந்துவிடும். பிறகு கழற்றி எடுக்க வேண்டியதுதான். கீழ்த் தாடையில் எலும்பு பிடிக்க வழக்கமாக மூன்று மாதம் விடுவார்கள், மேலே அதைவிடக் கூட.

அதனால் தம்பி, இந்த லீவில் ஸ்குரூ வைக்கலாம், அதன் மேல் பல்லை இப்போது எதிர்பார்க்க வேண்டாம். ஸ்கேன் எடுத்த பிறகு எலும்பு போதாது, முதலில் எலும்பு வைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னால் அந்தத் திட்டமும் மாறும். அதை ஓரளவு அங்கிருந்தே தெரிந்துகொள்ளலாம். லண்டனில் ஒரு எக்ஸ்ரே எடுத்து முன்கூட்டியே ஊருக்கு அனுப்புங்க.

கிரவுனை முடிக்கலாம், ஆனால் நீங்கள் வருவது வருடப்பிறப்புக்கு. லெப் பையன்கள் 11, 12ஆம் திகதியே ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்பிவர ஒரு கிழமை ஆகும். ஹட்டனில் எடுக்கும் அச்சு கண்டிக்கோ கொழும்புக்கோ போய் வர வேண்டும். 6ஆம் திகதி பல்லைச் சீவி அச்சு எடுத்தால், ஒன்றில் 11க்குள் கிரவுன் வரும், இல்லையென்றால் 20க்குப் பிறகுதான். 8ஆம் திகதி ஸ்குரூ வைத்தால் 18 அளவில் தையல் பிரிக்கலாம். கிரவுன் ஒட்டுவது 21ஐத் தாண்டக் கூடாது.

மெல்பர்ன், ஊர் பதுளை
பேராதனைப் பல் ஆஸ்பத்திரிக்குப் போங்க தம்பி. எங்கள் அம்மாவுக்கு அங்கேதான் செட் பல் கட்டினோம். அச்சு, மெழுகு, கடி பார்ப்பது என்று பல தடவை போனோம், ஆனால் அருமையாகச் செய்தார்கள்.

டொரொண்டோ, ஊர் கண்டி
அக்கா, செட் பல் வேறு, இது வேறு. பேராதனை நல்ல இடம்தான், ஆனால் வரிசை உங்கள் திகதிக்காகக் காத்திருக்காது.

லண்டன், ஊர் ஹட்டன்
அண்ணே, ஏன் 21ஐத் தாண்டக் கூடாது? 24ஆம் திகதி ஒட்டினாலும் 25 ஏறிவிடலாம்தானே?

டொரொண்டோ, ஊர் கண்டி
ஒட்டிய அன்றே கடி சரியா என்று உங்களுக்கே தெரியாது. வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று நாள் சோறு சாப்பிட வேண்டும். வாயை மூடும்போது மற்றப் பல்லெல்லாம் சேருவதற்கு முன் இந்தப் பல் மட்டும் தட்டினால், கிரவுன் உயரம். கடிக்கும்போது ஒரு மந்தமான வலியும் வரும். டொக்டர் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாக மை பட்ட புள்ளியை மட்டும் தேய்ப்பார். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் நீங்கள் ஊரில் இருந்தால்தான்.

இன்னொன்று. கிரவுன் வரும்வரை அந்தப் பல்லில் தற்காலிக மூடி இருக்கும், அந்தப் பக்கம் தொதல் வைத்துக் கடித்துவிடாதீங்க. வருடப்பிறப்பு வீடுகளில் நீட்டுவார்கள், அப்படியே பிடுங்கிக்கொண்டு வரும்.

பாரிஸ், ஊர் நுவரெலியா
எனக்கு ஊரில் ஸ்குரூ வைத்த இடத்தில் ஒரு தாள்கூடத் தரவில்லை. இங்கே அந்த ஸ்குரூவின் மேல் பல் போடப் போனால், என்ன கம்பனி, என்ன அளவு என்று கேட்டார்கள். ஒவ்வொரு கம்பனிக்கும் திருகும் சாவியே வேறாம். எக்ஸ்ரேயை வைத்து ஊகிக்க இரண்டு மாதம் போனது.

டொரொண்டோ, ஊர் கண்டி
இதைக் கட்டாயம் கேளுங்க தம்பி. ஸ்குரூ வரும் பெட்டியிலேயே ஒட்டுத்தாள் இருக்கும்: கம்பனி பெயர், விட்டம், நீளம், லொட் நம்பர். அதை அட்டையில் ஒட்டித் தரச் சொல்லி, நின்று வாங்குங்க. தையல் போட்டபின் எடுத்த எக்ஸ்ரேயையும் வாங்குங்க. ஸ்குரூவின் மேல் வரும் பல்லை லண்டனில் போடத்தான் சொல்வேன், அங்கே ஆறு மாதத்தில் ஒருமுறை போய்க் காட்டலாம்.

பாரிஸ், ஊர் நுவரெலியா
நான் வேண்டாம் என்பேன். வேறு ஒருவர் வைத்த ஸ்குரூவில் கைவைக்க இங்கே மூன்று பேர் மறுத்தார்கள். டிசம்பரில் ஊருக்கு வந்து, வைத்தவரிடமே போங்க.

லண்டன், ஊர் ஹட்டன்
நேற்று இங்கே எக்ஸ்ரே எடுத்து ஹட்டன் டொக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எலும்பு போதும் போல் தெரிகிறது, ஸ்கேன் பார்த்துத்தான் முடிவு என்றார். 6ஆம் திகதி காலை கிரவுனுக்கு நேரம் கிடைத்தது. எந்தக் கம்பனி ஸ்குரூ என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும், அதில் வேலை செய்வீர்களா என்று இங்குள்ள டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஸ்குரூவின் மேல் வரும் பல்லை லண்டனில் போடுவதா, டிசம்பரில் ஊரில் போடுவதா என்று பார்க்க வேண்டும்.