22 பக்க அறிக்கை, 9 பங்காளிகள்: புள்ளியா, பத்தியா, அட்டவணையா?

கானாடுகாத்தான் பேரன்:
எங்கள் பங்காளி வீட்டைப் பார்த்த பொறியாளர் 22 பக்க அறிக்கை கொடுத்திருக்கிறார். மொத்தம் 9 பங்கு, பாதிப் பேர் வெளியூர். அடுத்த மாதம் படைப்புக்கு எல்லாரும் கூடும்போது எந்த வேலையை எடுப்பது என்று முடிவாக வேண்டும். அதற்கு முன் ஒரு பக்கத்தில் சுருக்கி அனுப்பும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். புள்ளி போடுவதா, பத்தியா, அட்டவணையா?

பள்ளத்தூர் ஐடி:
புள்ளிதான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கைப்பேசியில் பத்தியைக் கண்டால் விரல் தானாகத் தள்ளிவிட்டுப் போய்விடும். ஏழு புள்ளி, ஒவ்வொன்றும் ஒரு வரி. அலுவலகத்தில் பத்து வருடமாக இப்படித்தான் அனுப்புகிறேன், எல்லாரும் படிக்கிறார்கள்.

ஆத்தங்குடி 72:
தம்பி, தரைக்கல் பெயர்ந்திருந்தால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கைவேலைக் கல், அதே நிறம் மறுபடி வராது. எங்கள் பட்டாலையில் 40 கல் மாற்றினோம், இன்றைக்கும் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரித் தெரிகிறது.

கானாடுகாத்தான் பேரன்:
ஐயா, தரை நன்றாகத்தான் இருக்கிறது. நான் கேட்டது எழுதுகிற முறையை.

தேவகோட்டை ஆச்சி:
அறிக்கையின் சாரம் என்ன என்று சொல்லாமல் வடிவத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? வங்கியில் 30 வருடம் கடன் குறிப்பு எழுதியவள் நான். என்ன கண்டுபிடித்தார், யார் படிப்பார்கள், படித்துவிட்டு என்ன செய்வார்கள்? இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் பேரன்:
வளவின் வடகிழக்கு மூலையில், இரண்டு கூரைச் சரிவும் சேரும் கூடல்வாய் அடைத்திருக்கிறது. அங்கே உத்திரத்தின் முனை உளுத்துவிட்டது. அதன் கீழே சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது, முன்பு யாரோ சிமெண்ட் பூசிய இடத்தில் இன்னும் மோசம். மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்கியிருக்கிறோம். படிப்பவர்கள் பங்காளிகள். அப்பத்தாவுக்குக் கண் தெரியாது, நான் வாசித்துக் காட்ட வேண்டும். முடிவானதும் மேஸ்திரிக்கும் ஒரு தாள் போகும்.

தேவகோட்டை ஆச்சி:
பள்ளத்தூர்த் தம்பி சொல்கிறபடி போட்டுப் பார்ப்போம்.

• கூடல்வாய் அடைப்பு
• உத்திர முனை உளுத்தது
• சுவரில் பழைய சிமெண்ட் பூச்சு
• சுண்ணாம்புப் பூச்சு உதிர்வு

சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி இதைப் பார்த்தால் தனித்தனியாக நான்கு ரிப்பேர் என்று நினைப்பார். பணம் குறைவாக ஆவது எது? பூச்சு. கண்ணில் படுவது எது? அதுவும் பூச்சு. ‘இந்த வருடம் பூச்சு மட்டும் முடிப்போம்’ என்பார், ஒன்பது பேரும் தலையாட்டுவார்கள். அடுத்த ஐப்பசி மழையில் அதுவும் உதிரும்.

நடந்தது ஒரே கதை. கூடல்வாய் அடைத்ததால் இரண்டு சரிவின் தண்ணீரும் வளவில் விழாமல் சுவர்த் தலைக்குள் இறங்குகிறது. சுவருக்குள் செருகியிருக்கும் உத்திர முனை ஈரத்திலேயே கிடந்து உளுக்கிறது. சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை வெளியே விட்டு ஆறும். சிமெண்ட் பூசிய இடத்தில் அதற்கு வழியில்லாமல் ஈரம் சுவருக்குள்ளேயே தங்கி, பக்கத்துப் பூச்சையும் தள்ளுகிறது. ‘அதனால்’ என்ற சொல்தான் இங்கே முக்கியம். புள்ளி போட்டால் முதலில் விழுவது அதுதான்.

நான் வைத்திருந்த சோதனை எளிது. வரிகளைச் சீட்டு மாதிரிக் கலைத்துப் படியுங்கள். பொருள் மாறவில்லையென்றால் புள்ளி போடலாம். கெட்டுப்போனால் பத்தி.

பள்ளத்தூர் ஐடி:
இது புள்ளியின் குற்றமில்லை ஆச்சி, சோம்பேறித்தனமாக எழுதிய புள்ளியின் குற்றம். ‘கூடல்வாய் அடைப்பால் உத்திரமும் பூச்சும் கெட்டன, முதலில் கூடல்வாய்’ என்று ஒரே புள்ளியில் சொல்லலாமே?

தேவகோட்டை ஆச்சி:
சொல்லலாம். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது முன்னால் ஒரு பொட்டு வைத்த பத்தி, தம்பி.

காரைக்குடி மேஸ்திரி:
எனக்கு வரும் தாளையும் கொஞ்சம் நினையுங்கள். ஒரு வீட்டில் இப்படித்தான் புள்ளி போட்டுக் கொடுத்தார்கள். முதலில் இருந்தது பூச்சு, கடைசியில் ஓடு. பையன்கள் மேலிருந்து வரிசையாகச் செய்துவிட்டார்கள். ஓடு பிரித்த அன்றைக்கு மழை, புதுப் பூச்சில் செம்மண் தண்ணீர். என்னிடம் கதை வேண்டாம், 1, 2, 3 என்று எண் போட்டுக் கொடுங்கள். எது முடிந்தால் எதைத் தொடலாம் என்பதும் அந்த வரியிலேயே இருக்கட்டும்: ‘3. உத்திர முனை மாற்றிய பிறகு சிமெண்டைக் கொத்தி எடுக்கவும். சுவர் காய்ந்தபின்தான் சுண்ணாம்பு.’

தேவகோட்டை ஆச்சி:
மேஸ்திரி சொல்வதில் திருத்த எதுவும் இல்லை. அவர் சாரத்தின்மேல் நின்று பார்க்கும் தாள் அது. அங்கே பத்தி எழுதினால் என்மேல்தான் தப்பு.

கண்டனூரான்:
நம் ஆட்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். சிட்டையில் நாள்வாரி, பேரேட்டில் ஆள்வாரி, ஐந்தொகையில் மொத்தம். கணக்கு ஒன்றுதான், பார்ப்பவன் தேவைக்கு மூன்று ஏடு. பேசாமல் எல்லாவற்றையும் அட்டவணையாகப் போடுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
உவமை அழகு, முடிவுதான் இடறுகிறது. அந்த மூன்று மதிப்பீட்டுக்கு அட்டவணை சரி, ஏனென்றால் அங்கே மூன்று பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கிறோம். படிப்பவர் ‘ரெண்டாமவர் உத்திரத்துக்கு என்ன சொன்னார்’ என்று கட்டத்துக்கு நேராகப் போவார். காரணத்தைக் கட்டத்தில் போட்டால் அது மறுபடி புள்ளிதான், கோடு மட்டும் கூடுதல். பேரா, அந்த மதிப்பீடுகள் எப்படி இருக்கின்றன?

கானாடுகாத்தான் பேரன்:
முதல் ஆள் 4.2 லட்சம், இரண்டாமவர் 5.6, மூன்றாமவர் 3.1. மூன்றாமவர் தாளில் உத்திரம் பற்றிப் பேச்சே இல்லை. சாரம் செலவு இரண்டாமவரிடம் சேர்ந்திருக்கிறது, முதலாமவர் தனி என்கிறார்.

தேவகோட்டை ஆச்சி:
அங்கேதான் அட்டவணை ஏமாற்றும். மூன்று தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே வேலைக்கு மூன்று விலை என்று தெரியும், 3.1 ஜெயித்துவிடும். அதனால் தொகை கடைசி வரியில் இருக்கட்டும். அதற்கு மேலே கூடல்வாய், உத்திரம், பூச்சு, சாரம் என்று வரிகள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். காலி என்றால் ‘இல்லை’யா, ‘கேட்கவில்லை’யா, ‘எழுத மறந்தோம்’ஆ? ‘சொல்லவில்லை’ என்று எழுதிவிடுங்கள், அதைப் பார்த்து யாராவது அவருக்குப் போன் செய்வார்கள்.

பள்ளத்தூர் ஐடி:
வாட்ஸாப்பில் அந்த அட்டவணையை ஒட்டிப் பாருங்கள், கட்டமெல்லாம் குலைந்து எண்கள் சாலையில் கொட்டின நெல்லாய்க் கிடக்கும். படமாக அனுப்பினால் பெரிசாக்கிப் பார்க்க வேண்டும், பெரிசாக்கினால் தலைப்பு வரி மேலே ஓடிவிடும். அப்பத்தாவுக்கு அட்டவணையை எப்படி வாசிப்பார்?

தேவகோட்டை ஆச்சி:
அது நியாயமான கேள்வி. படமாக அனுப்புவதானால் வேலையின் பெயருக்கு ஒரு நெடுவரிசை, மதிப்பீட்டுக்கு மூன்று நெடுவரிசை, மொத்தம் நான்குக்கு மேல் வேண்டாம். ஒரு கட்டத்தில் ஒரு சொல். அப்பத்தாவுக்கு அட்டவணையை வாசிக்காதீர்கள், ‘உத்திரத்தையும் சேர்த்துச் செய்வதாக எழுதியிருப்பவர்கள் இரண்டு பேர்தான்’ என்று வாயால் சொல்லுங்கள். தொகையைக் கடைசியில் வைப்பது சரிதானா என்பதில் எனக்கே முழு நிச்சயமில்லை. பணத்தை ஒளித்தான் என்று சொல்லும் பங்காளி எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு.

கானாடுகாத்தான் பேரன்:
நேற்று ராத்திரி எழுதிவிட்டேன். மேலே காரணம் ஆறு வரிப் பத்தி, கீழே அட்டவணை. மேஸ்திரி தாள் தனி, எண் போட்டு. பத்தியை அப்பத்தாவுக்கு வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி: “அந்தக் கூடல்வாயை வருசா வருசம் யாரு பாக்கணும்னு பேச்சு?” அது சின்ன அண்ணன் பங்கு. அவர் குழுவில் இருக்கிறார். அனுப்பலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

பள்ளத்தூர் ஐடி:
அதனால்தான் புள்ளி போடச் சொன்னேன் :)