தவறான ஆளுக்கு மெயில் போய்விட்டது, பயமுறுத்தாமல் அழிக்கச் சொல்வது எப்படி?

மஞ்சள்மண்டி (காலை 11.12)
அவசரம். வேறு ஆளுக்கு மெயில் அனுப்பிவிட்டேன். அழித்துவிடச் சொல்ல வேண்டும். ஆனால் அவர் பதறவும் கூடாது, ‘அப்படி என்னதான் இருக்கிறது’ என்று திறந்து பார்க்கவும் கூடாது. யாராவது எழுதிக் கொடுங்களேன்.

நெட்வொர்க் முத்து (11.15)
அவுட்லுக்கில் திரும்பப் பெறும் வசதி இருக்கிறதே. அதை அழுத்தினால் மெயிலே காணாமல் போய்விடும். எதுவும் எழுத வேண்டாம்.

திண்ணை (11.19)
ஜிமெயிலா, ஆபீஸ் மெயிலா? போய் எவ்வளவு நேரம் ஆயிற்று? கோப்பை இணைத்தீர்களா, டிரைவ் லிங்க் கொடுத்தீர்களா? வாங்கியவர் தெரிந்தவரா? இவ்வளவும் தெரிந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

கொங்குத்தம்பி (11.22)
முகவரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. எப்போதும் புள்ளிதான் காரணம்.

பேரேடு (11.24)
கடிதத்தை முழுதாக எழுதி முடித்த பிறகுதான் முகவரி போட வேண்டும். இதை நான் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. இந்தப் பழக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

மஞ்சள்மண்டி (11.31)
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஜிமெயில். 10.40க்குப் போனது. ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். செந்தில்குமார் என்ற வாடிக்கையாளரின் பேங்க் ஸ்டேட்மென்ட், பான் கார்டு நகல், இரண்டும் பிடிஎஃப். பெயரில் நாலு எழுத்து அடித்ததும் முதலில் வந்ததைத் தட்டிவிட்டேன். அது 2 வருடம் முன்பு ஒரே ஒரு முறை கட்டண விவரம் கேட்டு எழுதிய வேறொரு செந்தில்குமார். Undo மறைவதற்குள் பார்க்கவில்லை.

ராஜி அக்கா (11.46)
தம்பி, முதலில் இரண்டு விஷயம். Undo அதிகபட்சம் 30 நொடிதான், அது போயாயிற்று. முத்து சொன்ன திரும்பப் பெறுதல் அவுட்லுக்கில் ஒரே நிறுவனத்துக்குள்தான் வேலை செய்யும். வெளியாளுக்கு அனுப்பினால், ‘இவர் ஒரு மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்’ என்று இன்னொரு மெயில் போய் விழக்கூடும், அவ்வளவுதான். திறக்காமல் இருந்தவரும் அதைப் பார்த்துத் திறப்பார். புள்ளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. gmail.com முகவரியில் புள்ளி கணக்கிலேயே வராது, விட்டாலும் அதே ஆளுக்குத்தான் போகும்.

ஆகவே நல்லபடியாகக் கேட்பது ஒன்றுதான் வழி. பழைய மெயிலுக்கே பதிலாக எழுதாதீர்கள். ஜிமெயிலில் இரண்டும் ஒரே இழையில் சேர்ந்து, உங்கள் கடிதத்தைத் திறக்கும்போதே அந்தப் பிடிஎஃப்பும் கண்ணில் படும். புதுத் தலைப்பில் புது மெயில், இப்படி:

தலைப்பு: இன்று 10.40க்கு வந்த மெயில் பற்றி

‘வணக்கம் சார். ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீசிலிருந்து எழுதுகிறேன். 2 வருடம் முன்பு கட்டணம் பற்றி எங்களிடம் கேட்டிருந்தீர்கள். இன்று காலை 10.40க்கு “கணக்கு விவரம்” என்ற தலைப்பில் என்னிடமிருந்து ஒரு மெயில் வந்திருக்கும். அது இதே பெயருள்ள வேறொருவருக்குப் போக வேண்டியது, நான்தான் தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன். அதை அழித்துவிட முடியுமா? டிராஷிலிருந்தும், ஒருவேளை டவுன்லோடு ஆகியிருந்தால் அங்கிருந்தும் எடுத்துவிட்டால் உதவியாக இருக்கும். முடிந்ததும் “ஆயிற்று” என்று ஒரு வரி போதும். வேறு எதுவும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. சிரமத்துக்கு மன்னிக்கவும்.’

தலைப்பு, உங்கள் பழைய மெயிலில் என்ன இருந்ததோ அதையே போடுங்கள். டிராஷைச் சொல்வதற்குக் காரணம், ஜிமெயிலில் அழித்தது 30 நாள் அங்கேயே கிடக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதாதீர்கள். ‘பான் கார்டு இருக்கிறது’ என்று சொன்னால் நீங்களே விரல் நீட்டிக் காட்டியதாகிவிடும்.

கொங்குத்தம்பி (11.52)
எங்கள் கம்பெனி முகவரியில் புள்ளி விட்டால் போகவே போகாது, திரும்பி வந்துவிடும். அதனால்தான் சொன்னேன்.

ராஜி அக்கா (11.54)
கம்பெனி முகவரிக்குச் சரிதான் தம்பி. நான் சொன்னது ஜிமெயிலுக்கு.

பேரேடு (12.03)
இவ்வளவு குழைய வேண்டியதில்லை. ‘இதை வைத்திருப்பதோ பகிர்வதோ சட்டப்படி குற்றம், 24 மணி நேரத்தில் அழிக்கவும்’ என்று எழுதினால்தான் மதிப்பார்கள். எல்லா அலுவலக மெயிலின் அடியிலும் அந்த வாசகம் இருப்பது சும்மாவா?

கரிசல்காட்டுக்காரி (12.11)
நான் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் பெயரில் ஊரில் பல பேர் இருப்பதால் மாதம் ஒன்றிரண்டு யாருடைய மெயிலாவது எனக்கு வரும். ஒரு முறை ‘உடனடியாக அழிக்கவும், மீறினால் நடவடிக்கை’ என்று வந்தது. அதுவரை நான் அந்த மெயிலைத் திறக்கவே இல்லை. பயந்துபோய்த் திறந்து பார்த்தேன், என் கணவரிடமும் காட்டினேன். இன்னொரு முறை ஒரு பெண் நேரத்தையும் தலைப்பையும் சொல்லி, ‘உங்களுக்கு வந்துவிட்டது, அழித்துவிடுங்கள் அக்கா’ என்று எழுதியிருந்தாள். அழித்துவிட்டு ‘சரிம்மா’ என்று பதில் போட்டேன், உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. இன்னொன்று, லிங்க் எதுவும் வைக்காதீர்கள். ‘இங்கே தட்டி உறுதி செய்யவும்’ என்று இருந்தால் மோசடி என்று நினைத்து இரண்டையும் அப்படியே விட்டுவிடுவேன்.

பேரேடு (12.15)
உங்களைப் போல எல்லோரும் நல்லவர்களாக இருக்க மாட்டார்கள்.

திண்ணை (12.20)
கெட்ட எண்ணம் உள்ளவன் மிரட்டலுக்கு மட்டும் பணிவானா? அவன் தவறாகப் பயன்படுத்தினால் சட்டம் கேட்கும், அது வேறு. அடியில் ஒட்டிய வாசகத்தை வைத்து, கேட்காமல் வாங்கிய ஒருவரைக் கட்டுப்படுத்த முடியுமா என்பதே எனக்குச் சந்தேகம். ராஜி அக்கா, ஒரு இடத்தில் நான் மாறுபடுகிறேன். பழைய மெயிலுக்கே பதிலாக அனுப்பினால், அவர் அந்த இழையை அழிக்கும்போது இரண்டும் சேர்ந்து போகும், தேட வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு அதுதான் சுலபம்.

ராஜி அக்கா (12.27)
அது உண்மைதான். ஏற்கெனவே திறந்துவிட்டார் என்று தெரிந்தால் நானும் அப்படித்தான் செய்வேன், கீழே ஒட்டிக்கொண்டு வரும் பழைய வாசகத்தை மட்டும் நீக்கிவிட்டு. இங்கே திறந்தாரா என்று தெரியாது. ‘படித்தீர்களா’ என்று கேட்கவும் கூடாது, குற்றம் சாட்டுவது போல இருக்கும்.

நெட்வொர்க் முத்து (12.30)
டிரைவ் லிங்க்காக அனுப்பியிருந்தால் இவ்வளவு பாடு இல்லை. பகிர்வை எடுத்துவிட்டால் திறக்காது.

ராஜி அக்கா (12.34)
சரியாகச் சொன்னீர்கள் முத்து, அவர் அதற்குள் இறக்கிவைக்காத வரை. இணைப்பாகப் போனதற்கு அந்த வழி இல்லை.

தறிக்காரர் (12.41)
என் மகனுக்கு வந்த தேர்வு மெயில் டிராஷுக்குப் போய்விட்டது, 40 நாள் ஆகிறது. எப்படி எடுப்பது?

திண்ணை (12.44)
அண்ணே, இது வேறு சங்கதி, தனி இழை போடுங்கள். 30 நாள் தாண்டினால் கஷ்டம்தான், அனுப்பியவரிடமே மறுபடி கேளுங்கள். மஞ்சள்மண்டி, பதில் வராவிட்டால் 2 நாள் கழித்து இன்னொரு முறை மட்டும் எழுதுங்கள். தினமும் எழுதினால் கோப்பில் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று தோன்றும். வாடிக்கையாளர் செந்தில்குமாருக்குச் சொன்னீர்களா?

பேரேடு (12.50)
அழித்துவிட்டால் அவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? வீணாக வாடிக்கையாளரை இழப்பதா?

ராஜி அக்கா (12.58)
அழித்தேன் என்பது அவர் வாய்ச்சொல், நம்மால் பார்க்க முடியாது. பான் எண்ணும் கணக்கு எண்ணும் அவருடையவை. முதலில் உங்கள் ஆடிட்டரிடம் சொல்லுங்கள் தம்பி, இன்றைக்கே. வாடிக்கையாளரிடம் அவர் பேசட்டும்.

மஞ்சள்மண்டி (மாலை 4.20)
அக்கா எழுதியதையே 12.05க்கு அனுப்பினேன், புது மெயிலாக. 3 மணிக்குப் பதில் வந்தது: ‘டெலிட் பண்ணிட்டேன், டிராஷும் காலி.’ சாரிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டார். வாடிக்கையாளரிடம் சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தப் பழைய செந்தில்குமாரின் முகவரியை என் கான்டாக்டிலிருந்து எடுத்துவிட்டேன். நன்றி.

திண்ணை (4.26)
‘மற்ற தொடர்புகள்’ பட்டியலிலும் பாருங்கள். ஒரு முறை எழுதியவர்களை ஜிமெயில் அங்கேதான் தானாகச் சேர்த்துவைக்கும். அங்கே இருந்தால் நாலு எழுத்து அடித்ததும் மறுபடி வருவார்.